புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு: ஒரு லிஸ்டிங்கின் மூன்று வடிவங்கள்

சுங்கை சிப்புட்டில் கடைத்தெருவின் ஓரத்தில் ஒரு பூசைப் பொருள் கடை இருக்கிறது. சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து சம்பளம் போட்ட வாரம் சனிக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். கற்பூரம், திரி, சாமி படம், தீபாவளி நெருங்கினால் விளக்கு, தாம்பாளம் என்று வாங்கிப் போவார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன பிறகு அந்தக் குடும்பங்கள் கடைக்கு நேரில் வருவது குறைந்தது. கடை நடத்தும் அக்கா முகநூல் பக்கம் தொடங்கினார். வாட்ஸ்அப்பில் பொருள் விவரங்களை அனுப்ப ஆரம்பித்தார். அவற்றை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அதற்கு முன்பு சில ஆண்டுகள் அச்சகத்தில் திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா நோட்டீசும் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு பொருளின் கதை: 14 அங்குல ஐந்து முகப் பித்தளைக் குத்துவிளக்கு. அதன் லிஸ்டிங்கை மூன்று முறை எழுதினேன். முதல் முறை முழுவதும் பத்தி. இரண்டாம் முறை முழுவதும் புள்ளி வரிகள். இரண்டும் தவறின, ஆனால் வேறு வேறு விதமாகத் தவறின. எந்தத் தகவல் புள்ளியாக நிற்கும், எது பத்தியில்தான் உயிரோடு இருக்கும் என்பதை அந்த இரண்டு தவறுகளிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் வடிவம்

அழைப்பிதழ் எழுதிப் பழகிய கை அல்லவா, முதல் லிஸ்டிங் இப்படி வந்தது:

> பாரம்பரிய முறையில் வார்க்கப்பட்ட இந்தப் பித்தளைக் குத்துவிளக்கு உங்கள் இல்லத்துக்கு அருளும் அழகும் சேர்க்கும். ஐந்து முகங்கள் கொண்ட இவ்விளக்கு 14 அங்குல உயரமும் ஏறக்குறைய 1.6 கிலோ எடையும் உடையது. உச்சியில் அன்னம் அமைந்துள்ளது. மெருகு மங்காதிருக்க லாக்கர் பூச்சு தரப்பட்டுள்ளதால் மென்மையான துணியால் துடைத்தாலே போதும். பூச்சு தேய்ந்து போன பின் வழக்கம்போல் புளி கொண்டு சுத்தம் செய்யலாம். அடிப்பாகம், தண்டு, தகழி, அன்னம் என நான்கு பாகங்களாகப் பிரித்து, பாதுகாப்பாகக் கட்டி அனுப்பப்படும். விலை 185 ரிங்கிட். தபால் கட்டணம் உட்பட...

இப்படியே இன்னும் ஏழெட்டு வரி போனது. படித்துப் பார்த்த அக்கா, "நல்லா இருக்கு தம்பி, கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். குறையும் அதிலேயே இருந்தது.

முகநூலில் போட்டதும் கேள்விகள் வந்தன. விளக்கு எவ்வளவு உயரம்? எத்தனை முகம்? தபால் சேர்த்தா விலை? பெட்டியில் எப்படி வரும்? முதல் இரண்டு வாரத்தில் வந்த 23 கேள்விகளை அக்காவின் போனில் உட்கார்ந்து எண்ணினேன். 17 கேள்விகளுக்குப் பதில் அந்தப் பத்தியிலேயே இருந்தது. கேட்டவர்கள் சோம்பேறிகள் அல்ல. பலர் வேலை முடிந்து, பஸ்ஸில், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மூன்று கடைகளின் விளக்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓர் எண். அந்த எண்ணை நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் வைத்திருந்தேன்.

இது புதிதாக ஒருவர் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. 1997-லேயே ஜான் மோர்க்ஸ், யாக்கோப் நீல்சன் என்ற இரு ஆய்வாளர்கள், இணையப் பக்கத்தை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள். 16 விழுக்காட்டினர் மட்டுமே சொல் சொல்லாகப் படித்தார்கள். இன்னொரு சோதனையில், ஓர் உரையைப் புள்ளி வரிகளாகவும் தடித்த எழுத்துகளாகவும் பிரித்து வைத்தபோது, பயன்படுத்தும் எளிமை 47 விழுக்காடு கூடியதாக அளந்தார்கள். அந்தச் சோதனை நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா பற்றிய ஓர் ஆங்கிலப் பக்கத்தில் நடந்தது. கடை லிஸ்டிங்கில் அல்ல, தமிழிலும் அல்ல. அதனால் அந்த 47-ஐ நான் எங்கும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் மேய்கிற கண் எல்லா ஊரிலும் மேய்கிற கண்தான்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலாக இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். "ஐந்து முகங்கள் கொண்ட இவ்விளக்கு 14 அங்குல உயரமும்..." என்ற வரியில் 14 எதன் அளவு என்பது இரண்டு சொல் தள்ளித்தான் தெரிகிறது. "உடையது" என்பது இன்னும் தள்ளி வருகிறது. வரியின் இடது ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும் கண்ணுக்கு அங்கே எதுவுமே கிடைக்காது. "உயரம்: 14 அங்குலம்" என்று எழுதினால் தேடுகிற சொல் முதலில் நிற்கும், விடை அதன் பக்கத்திலேயே நிற்கும். தமிழில் நல்ல புள்ளி வரி என்பது பெரும்பாலும் வினையே இல்லாத வரி.

இரண்டாம் வடிவம்

சரி, பத்தியை உடைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு மாலையில் உட்கார்ந்து முழுவதையும் 16 புள்ளிகளாக்கினேன். அதிலிருந்து சில:

> • ஐந்து முகம், உச்சியில் அன்னம்
> • உயரம் 14 அங்குலம்
> • எடை ஏறக்குறைய 1.6 கிலோ
> • மெருகு மங்காத லாக்கர் பூச்சு
> • மென்மையான துணியால் துடைத்தால் போதும்
> • புளி கொண்டு எளிதில் சுத்தம் செய்யலாம்
> • தினமும் ஏற்றும் விளக்காகப் பயன்படுத்தினால் பூச்சு நாளடைவில் நிலைக்காது
> • நான்கு பாகங்கள், திருகி இணைக்கலாம்
> • 10 பஞ்சுத் திரி இலவசம்

உடனே பலன் தெரிந்தது. உயரம், எடை, விலை பற்றிய கேள்விகள் கிட்டத்தட்ட நின்றுபோயின. "ஐந்து முகம்தானே?" என்று உறுதி செய்துகொள்ள மட்டும் ஓரிருவர் கேட்டார்கள். அக்காவுக்கு மாலை நேரம் மிச்சமானது. கையில் கிடைத்த சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்க்கும் ஆசையில், கடையின் மற்ற பொருட்களையும் இதே மாதிரி உடைக்க ஆரம்பித்தேன்.

தீபாவளி முடிந்து சில வாரங்களில் தெலுக் இந்தான் பக்கமிருந்து ஓர் அம்மா ஒரு படம் அனுப்பினார். விளக்கின் அடிப்பாகத்தில் தேமல் போலக் கறுப்புத் திட்டுகள். நடுநடுவே தங்கமாகப் பளபளக்கிறது, பக்கத்திலேயே பழுப்பு, அதற்குள் கோடு கோடாகக் கறுப்பு. கூடவே ஒரு குரல் செய்தி: "ஏம்மா, புளி போட்டுத் தேய்க்கலாம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? தேங்கா நாரு வச்சுத் தேய்ச்சேன். இப்படி ஆயிடுச்சு. பித்தளைதானா இது?"

பித்தளைதான். இங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் தவறு முழுவதும் அந்த விளக்கத்துக்குள்தான் இருக்கிறது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் படப்பட அதன் மேல்பரப்பு மங்கிக் கறுக்கும். புளியில் உள்ள அமிலம் அந்தக் கறுப்பைக் கரைத்து எடுக்கும். நம் பாட்டிமார் காலத்திலிருந்து அப்படித்தான் விளக்கு தேய்த்து வருகிறோம். லாக்கர் என்பது வேறு வழி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்றை மேலே அடித்து, காற்று உலோகத்தைத் தொடாமல் தடுப்பார்கள். பூச்சு முழுதாக இருக்கும் வரை விளக்கு கறுக்காது. எனவே புளிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் நார் வைத்துத் தேய்த்தால் பூச்சு கீறும். கீறிய இடத்தில் மட்டும் காற்று புகும், அந்த இடம் மட்டும் கறுக்கும், சுற்றிலும் பூச்சு இன்னும் பளபளக்கும். அதுதான் தேமல். பூச்சு இல்லாத பித்தளை பெரும்பாலும் ஒரே சீராக மங்கும். திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும் மங்கினால் பூச்சு பாதி போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது முதல் வடிவத்தின் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள்: "பூச்சு தேய்ந்து போன பின் வழக்கம்போல் புளி கொண்டு சுத்தம் செய்யலாம்." அது சரியான தகவல். அதைப் புள்ளியாக்கும்போது, வரி நீளமாக இருக்கிறதே என்று முன்பாதியை வெட்டிவிட்டேன். "பின்" என்ற இரண்டெழுத்துச் சொல் அதோடு போய்விட்டது. மிஞ்சியது "புளி கொண்டு எளிதில் சுத்தம் செய்யலாம்". அதற்கு இரண்டு வரி மேலே "லாக்கர் பூச்சு". இரண்டு வரியும் தனித்தனியே பொய் இல்லை. ஆனால் ஒன்று பூச்சு இருக்கும் காலத்தைப் பற்றியது, மற்றது பூச்சு போன காலத்தைப் பற்றியது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதும், இரண்டும் ஒரே விளக்கைப் பற்றி ஒரே நேரத்தில் சொன்னதாக ஆகிவிட்டன. அந்த அம்மா செய்தது எழுதியிருந்தபடிதான். பிழை என்னுடையது. அக்கா அதே மாதிரி வேறொரு விளக்கை அனுப்பி, பழையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 185 ரிங்கிட்டும் இரண்டு தடவை தபால் செலவும் நான் வெட்டிய ஒரு சொல்லின் விலை.

1998-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் 3எம் நிறுவனத்தின் திட்ட அறிக்கைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. புள்ளிப் பட்டியலால் மூன்று உறவுகளை மட்டுமே காட்ட முடியும் என்று அதில் சொல்லியிருந்தார்கள்: எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசை, எது முக்கியம் என்ற தரவரிசை, இவையெல்லாம் ஒரே கூட்டம் என்ற சேர்க்கை. காரணம், நிபந்தனை, விதிவிலக்கு ஆகிய மூன்றையும் பட்டியல் தானாகக் காட்டாது. வாசிப்பவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தத் தெலுக் இந்தான் அம்மா நிரப்பிக்கொண்டார், தனக்குத் தெரிந்த பித்தளையைக் கொண்டு.

தமிழில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால், சொல்லின் கடைசியில். "ஆல்", "பின்", "வரை", "ஆனாலும்", "தவிர", "மட்டும்" என்று நம் மொழி நிபந்தனையைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிவைக்கிறது. "தரப்பட்டுள்ளதால்" என்பதில் உள்ள "ஆல்" மட்டுமே ஒரு முழுக் காரணத்தைத் தூக்கிச் சுமக்கிறது. பத்தியைப் புள்ளிகளாக நறுக்கும்போது கத்தி சரியாக அந்த ஒட்டில்தான் விழும். தரப்பட்டுள்ளது, நிற்கிறது, அடுத்த புள்ளி. வாக்கியம் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும், காரணம் காணாமல் போயிருக்கும்.

இன்னொரு புள்ளியும் தனியாகப் பேச வேண்டியது: "தினமும் ஏற்றும் விளக்காகப் பயன்படுத்தினால் பூச்சு நாளடைவில் நிலைக்காது." இதை நான் எச்சரிக்கையாக எழுதினேன். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி கடையில் போனைக் காட்டி, "தினமும் ஏத்தற விளக்குன்னு போட்டிருக்கே, அதான் வேணும்" என்றார். பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். மேய்ந்து படித்தவளுக்கு முதல் மூன்று சொல்லில் ஒரு பொருள் கிடைத்துவிட்டது, "தினமும் ஏற்றும் விளக்கு". அத்தோடு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டாள். தமிழில் "இல்லை", "ஆகாது", "கூடாது", "நிலைக்காது" எல்லாம் வரியின் வலது கோடியில்தான் வரும். புள்ளி வரியில் கண் அங்கே போவதற்குள் அடுத்த புள்ளி இழுத்துவிடும். ஆகவே மறுப்பை வைத்து முடியும் எச்சரிக்கையைப் புள்ளியாக எழுதுவது ஆபத்து. எழுதியே ஆக வேண்டுமென்றால் மறுப்பை முன்னால் கொண்டுவர வேண்டும்: "தினமும் ஏற்றுவதற்கு அல்ல: பூச்சு கருகும்." இந்த வரியிலும் "அல்ல" கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. "வேண்டாம்: புளி, நார், பாலிஷ்" என்பது இதைவிட நன்றாக நிற்கும்.

அந்தப் பாட்டி கேட்டது நியாயமான கேள்வியும்கூட. சுடர் எரியும் முகத்தருகே சூடு பட்டுப் பட்டு லாக்கர் முதலில் அங்கேதான் பழுக்கும், பிறகு உரியும். அப்படியானால் தினமும் ஏற்ற நினைப்பவர் என்ன செய்வது? முதலிலேயே பூச்சை அசிட்டோனோ தின்னரோ நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, அதன் பிறகு நம் பழைய புளி முறைக்குப் போய்விடலாம். அந்தத் திரவங்கள் சட்டென்று தீப்பிடிப்பவை. எனவே காற்றோட்டமான இடத்தில், அடுப்போ விளக்கோ பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். இதை எத்தனை புள்ளியாக்குவீர்கள்? வரிசை இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, நடுவில் ஆபத்து இருக்கிறது. "தினமும் ஏற்றுவீர்களா, விசேஷத்துக்கு மட்டுமா" என்ற கேள்வியில் தொடங்கி இரண்டு பாதையாகப் பிரிகிறது. பத்தி அந்தப் பிரிவைத் தானாகச் சொல்லும்.

இரண்டாம் வடிவத்தில் மற்றொரு குறையும் இருந்தது. 10 திரி இலவசம் என்பதும், பூச்சு பற்றிய எச்சரிக்கையும் ஒரே அளவுப் புள்ளியில் நின்றன. பட்டியலில் எல்லாருக்கும் ஒரே நாற்காலி. பத்தியில் ஒரு விஷயத்துக்கு இரண்டு வாக்கியம் கொடுத்து, இன்னொன்றை ஓர் அடைமொழியில் முடித்துவிடலாம். இது முக்கியம் என்று வாசிப்பவருக்கு அந்த நீளமே சொல்லிவிடும். அதோடு, 16 புள்ளி என்பது பத்தியைவிடக் கொஞ்சம் நீளமான இன்னொரு பத்திதான். போன் திரையில் தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு புள்ளி இரண்டு வரியைத் தாண்டினாலே புள்ளி வைத்ததன் பயன் போய்விடுகிறது.

மூன்றாம் வடிவம்

இந்த முறை எழுதுவதற்கு முன்னால் கேள்விகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவை தானாகவே இரண்டு குவியலாகப் பிரிந்தன. "உயரம்?", "எடை?", "விலை?", "எத்தனை முகம்?" என்று பெயர்ச்சொல்லாலும் எண்ணாலும் கேட்கப்பட்டவை ஒரு பக்கம். "தினமும் ஏத்தலாமா?", "ஏன் கறுக்குது?", "எண்ணெய் கசிஞ்சா என்ன பண்றது?" என்று வினையோடு கேட்கப்பட்டவை மறுபக்கம். முதல் குவியல் புள்ளி, இரண்டாம் குவியல் பத்தி. வாடிக்கையாளர் கேட்கும் விதத்திலேயே பதிலின் வடிவம் இருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றியது, இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

சந்தேகம் வந்த இடங்களில் இன்னொரு சோதனை செய்தேன். புள்ளிகளைச் சீட்டு போல் கலைத்துப் பார்ப்பது. உயரத்தை எடைக்குக் கீழே போட்டாலும் ஒன்றும் கெடுவதில்லை. எனவே அவை புள்ளிகளாக இருக்கலாம். "லாக்கர்" வரிக்கு மேலே "புளி" வரியைப் போட்டால் பொருளே மாறுகிறது; எனவே அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை, பிரிக்கக் கூடாது.

சட்டம் கேட்கும் விவரங்களும் பெரும்பாலும் முதல் குவியலில்தான் விழுகின்றன. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகள், விற்பவர் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், தபால் கட்டணம் உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, வந்து சேர ஆகும் காலம் ஆகியவற்றைக் காட்டச் சொன்னவை. இவையெல்லாம் கலைத்தாலும் கெடாதவை. வாங்குபவர் பின்னால் தகராறு என்று வந்தால் விரலை வைத்துக் காட்ட வேண்டியவையும்கூட. பத்திக்குள் புதைக்கக் கூடாது.

கடைசியில் வந்தது இது:

> ஐந்து முகப் பித்தளைக் குத்துவிளக்கு, 14 அங்குலம். லாக்கர் பூச்சு உள்ளது; புளி போட வேண்டாம், காரணம் கீழே.
>
> • உயரம்: 14 அங்குலம் (அன்னம் வரை)
> • அடிப்பாகம்: 5½ அங்குல அகலம்
> • எடை: ஏறக்குறைய 1.6 கிலோ
> • பாகங்கள்: 4, திருகி இணைப்பது
> • பெட்டியில்: விளக்கு, 10 பஞ்சுத் திரி
> • விலை: 185 ரிங்கிட், தீபகற்பத்துக்குத் தபால் உட்பட
> • வந்து சேர: 3 முதல் 5 வேலை நாள்
>
> இந்த விளக்கின் மேல் நிறமில்லாத மெல்லிய பூச்சு இருக்கிறது. அது இருக்கும் வரை விளக்கு கறுக்காது, மென்மையான துணியால் துடைத்தாலே போதும். புளியோ நாரோ போட்டுத் தேய்த்தால் பூச்சு கீறி, அந்த இடம் மட்டும் திட்டாகக் கறுத்துவிடும். தீபாவளி, கார்த்திகை போன்ற நாட்களில் மட்டும் ஏற்றுபவர்களுக்குப் பூச்சோடு வைத்திருப்பதே வசதி. தினமும் ஏற்ற நினைப்பவர்கள் ஆர்டர் செய்யும்போதே சொல்லுங்கள். பூச்சை எடுத்துவிட்டு அனுப்புகிறோம், அப்புறம் வழக்கம்போல் புளி போட்டுத் தேய்க்கலாம்.
>
> பாகங்களைத் திருகும்போது தகழிக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பைக் கடைசி வரை இறுக்குங்கள். அது தளர்வாக இருந்தால் எண்ணெய் மரை வழியே இறங்கித் தண்டில் வழியும். இறுக்கிய பிறகும் வழிந்தால் எங்களுக்குப் படம் அனுப்புங்கள்.

பூச்சை எடுத்துவிட்டு அனுப்பும் யோசனை அக்காவுடையது. "வயசானவங்ககிட்ட அசிட்டோன், தின்னருன்னு எழுதிக்கிட்டு இருக்காத தம்பி. தீ வச்சுக்குவாங்க. நானே கடையில துடைச்சுக் குடுத்துடறேன்" என்றார். பத்தியில் நான் முதலில் எழுதியிருந்த அந்த மூன்று வரி ஆபத்து அதோடு போயிற்று. எழுத்தில் சரிசெய்ய முடியாததைச் சேவையில் சரிசெய்துவிட்டார்.

மூன்றாம் வடிவத்துக்கு எத்தனை கேள்வி வந்தது என்றும் எண்ணினேன், ஆனால் அதை முதலிரண்டோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட முடியாது. தீபாவளிக்குப் பிறகு விளக்கு விற்பனையே மந்தம். குறைந்த ஆட்கள், குறைந்த கேள்விகள். என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது கேள்விகளின் வகையைப் பற்றி மட்டும்: அளவு பற்றிய கேள்விகள் இரண்டாம் வடிவத்தைப் போலவே அரிதாக இருந்தன, "பூச்சு எடுத்துட்டு அனுப்புங்க" என்ற வேண்டுகோள் புதிதாக வர ஆரம்பித்தது. அதாவது பத்தியைச் சிலராவது படித்திருக்கிறார்கள். புள்ளிகளைப் பார்த்து, விளக்கு தனக்கு ஒத்துவரும் என்று முடிவு செய்தவர்தான் பத்திக்கு இறங்குகிறார். அந்த நேரத்தில் அவருக்குப் பொறுமை இருக்கிறது, ஏனென்றால் இப்போது அது அவருடைய விளக்கு.

மற்ற பொருட்கள்

திரிப் பொட்டலம், கற்பூரம், ஊதுபத்தி போன்றவற்றுக்குப் பத்தியே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மூன்று வரி போதும்: எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை. அதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை.

மூன்று உயரங்களில் வரும் காமாட்சி விளக்கு வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. உயரம், எடை, விலை ஆகிய மூன்றும் ஒவ்வோர் அளவுக்கும் மாறும்போது புள்ளிகள் ஒன்பதாகிவிடுகின்றன. எது எதோடு சேரும் என்று வாசிப்பவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது உண்மையில் அட்டவணை. முகநூல் பதிவில் அட்டவணை போட வழியில்லை. எனவே ஓர் அளவுக்கு ஒரு வரி என்று வைத்தேன்: "6 அங்குலம், 400 கிராம், 48 ரிங்கிட்". மூன்று வரியிலும் அதே வரிசை மாறாமல் இருந்தால் கண் தானாகவே மேலும் கீழும் ஒப்பிட்டுக்கொள்கிறது.

கடைக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய மாவரைக்கும் கிரைண்டரை விற்க வேண்டும் என்று வந்தார். அவரே எழுதிவந்த லிஸ்டிங்கில் "நல்ல நிலை", "குறைவாகப் பயன்படுத்தியது", "விலை பேசலாம்" என்று நான்கைந்து புள்ளிகள். பழைய பொருளில் இந்தச் சொற்கள் யாரையும் நம்பவைக்காது, எல்லாரும் இதையேதான் போடுகிறார்கள். வாங்குபவர் அங்கே எடைபோடுவது பொருளை மட்டுமல்ல, விற்கிற ஆளையும். ஐந்து வருடம் எதற்குப் பயன்பட்டது, பெல்ட்டை எப்போது மாற்றினார், இப்போது ஏன் விற்கிறார் என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே ஒரு பத்தியாக எழுதிக்கொடுத்தேன். கல் ஒரு ஓரத்தில் சிறிது உடைந்திருப்பதையும் அதிலேயே சேர்த்தோம். "உடைந்த ஓரம்" என்று தனிப் புள்ளியாக நின்றிருந்தால் வாங்குபவரை அது துரத்தியிருக்கும். "கழுவும்போது தொட்டியில் இடித்து ஓரம் சிறிது பெயர்ந்தது, அரைப்பில் வித்தியாசம் இல்லை" என்று வாக்கியமாக வந்தபோது, அது ஒளிக்காத மனிதரின் பேச்சாக இருந்தது. விலையும் தொடர்பு எண்ணும் மட்டும் கடைசியில் தனி வரியாக நின்றன.

விடுபட்ட ஓட்டை

குத்துவிளக்கின் முதல் வரியில் "புளி போட வேண்டாம், காரணம் கீழே" என்று இருக்கிறதே, அது முதலில் இல்லை. மூன்றாம் வடிவத்தைப் போட்ட பின் சேர்த்தது. நீளமான பதிவைப் போனில் முகநூல் முதல் சில வரிகளோடு மடித்துவிடுகிறது. மீதியைப் பார்க்க "மேலும்" என்பதைத் தட்ட வேண்டும். உயரமும் விலையும் தெரிந்ததும் ஒருவர் தட்டாமலே ஆர்டர் கொடுத்துவிட்டார். பத்தி அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அடிப்பாகத்தில் அதே தேமல்.

அதற்குப் பிறகுதான் நிபந்தனையின் தலைப்பை மட்டும் மேலே கொண்டுபோனேன். விளக்கம் பத்தியிலேயே இருக்கிறது, அதன் கதவு மட்டும் முதல் வரியில். வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அக்கா அங்கே இரண்டு செய்தியாகப் பிரித்து அனுப்புகிறார்: புள்ளிகள் முதல் செய்தி, பத்தி இரண்டாவது. 2024 முதல் வாட்ஸ்அப் செய்தியில் வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு கோடும் ஓர் இடைவெளியும் தட்டினால் அதுவே புள்ளியாக்கிக்கொள்கிறது. அக்கா அதைப் பழகிக்கொண்டார். பத்தியை மட்டும் தட்டச்சு செய்யாமல் குரல் செய்தியாக அனுப்புகிறார். "எழுதினா படிக்க மாட்டாங்க தம்பி, சொன்னா கேப்பாங்க" என்கிறார். பூச்சு பற்றிய அந்தக் குரல் செய்தியை நானும் கேட்டேன். நான் எழுதிய பத்தியில் இருக்கும் எல்லாமே அதில் இருக்கிறது, "பின்" உட்பட.